சைட் லைவ் ஆயாச்சு, சாவி யார் கையில்? லான்ச்சுக்குப் பிறகான ஹேண்ட்ஓவர்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

ஒரு வெப்சைட்டை எப்படிக் கட்டணும், எப்படி லைவ் பண்ணணும்னு சொல்லித்தர ஆயிரம் வீடியோ இருக்கு. இந்த எபிசோடில் நான் பேசப்போறது அதுக்கு அடுத்த இரண்டு மூன்று வாரங்களைப் பற்றி. சைட்டை கிளையன்ட் கையில் ஒப்படைக்கிற வேலை. ஃப்ரீலான்ஸ் பண்றவங்களுக்கும், சொந்தமா கடை வைத்து ஆள் வைத்து சைட் கட்டிக்கிறவங்களுக்கும் இது பொது.

பேச்சு அந்தரத்தில் போகாமல் இருக்க ஒரே ஒரு கடையை எடுத்துக்கிறேன். மதுரையில் மசாலாப் பொடி விற்கிற கடை. நடத்துவது ஒரு அக்கா. ஆர்டர் பேக் பண்ண ஒரு தம்பி இருக்கான். வேர்ட்பிரஸ்ஸில் வூகாமர்ஸ் போட்டு, 38 பொருட்களோடு நானும் என் நண்பனும் கட்டிய கடை அது.

அக்கா எங்களிடம் வந்ததே ஒரு அடிபட்ட கதையோடுதான். முன்னாடி அவங்களுக்கு ஒரு டாட் காம் இருந்தது. கட்டிக்கொடுத்தவர் டொமைனைத் தன் சொந்த மெயிலில், தன் அக்கவுன்ட்டில் வாங்கியிருந்தார். பிறகு வேறு வேலைக்குப் போய்விட்டார், நம்பரும் மாறிவிட்டது. ரினிவல் நினைவூட்டல் எல்லாம் அவர் மெயிலுக்கே போனது. டாட் காம் காலாவதியானால் உடனே போய்விடாது. ரெஜிஸ்ட்ராரைப் பொறுத்து அதிகபட்சம் 45 நாள் வரை சாதாரணமாகப் புதுப்பிக்கலாம். அதற்குப் பிறகு 30 நாள் கூடுதல் கட்டணத்தில் மீட்கலாம். அப்புறம் 5 நாள் கழித்து யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஆனால் இந்த அவகாசம் எல்லாம் லாகின் வைத்திருப்பவருக்குத்தான். அக்காவிடம் லாகின் இல்லை. வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். அந்த முகவரி அச்சடித்த மசாலா கவர் மூட்டை மூட்டையாகக் கிடங்கில் கிடந்தது. ஒவ்வொரு கவரிலும் ஸ்டிக்கர் ஒட்டி விற்றாங்க.

அக்கவுன்ட்: மூன்று கேள்விகள்

ஒரு சைட்டுக்குப் பின்னால் எத்தனை அக்கவுன்ட் இருக்குன்னு கிளையன்ட்டுக்குத் தெரியாது. இந்தக் கடைக்கு நாங்கள் எழுதிய பட்டியலில் ஏழு இருந்தது: டொமைன், ஹோஸ்டிங், மெயில், பேமென்ட் கேட்வே, கூகுள் கணக்குகள், காசு கொடுத்து வாங்கிய பிளகின், பேக்கப் போய்ச் சேரும் டிரைவ். ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி கேட்டோம். லாகின் யார் மெயிலில் இருக்கு? பணம் யார் கார்டிலிருந்து போகுது? ஓடிபி யார் போனுக்கு வருது? மூன்றுக்கும் பதில் அக்காவோ, அக்கா நம்புகிற வீட்டு ஆளோவாக இருக்கணும்.

இதில் பலர் கவனிக்காத ஒரு வளையம் இருக்கு. டொமைன் அக்கவுன்ட்டின் லாகினுக்கு அந்த டொமைனிலேயே இருக்கும் மெயிலைக் கொடுப்பது. அதாவது info@கடைபெயர் மாதிரி. பார்க்க முறையாகத்தான் இருக்கும். ஆனால் டொமைன் காலாவதியான அன்றைக்கு அந்த மெயிலும் நின்றுபோகும். பாஸ்வேர்ட் மறந்திருந்தால் ரீசெட் லிங்க் வந்து சேர இடமே இல்லை. வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. அதனால் டொமைன் லாகினுக்கு மட்டும் வெளியே உள்ள ஒரு ஜிமெயில், அதுவும் அக்காவுடையது. இரண்டடுக்கு உறுதிப்படுத்தலுக்கு ஆதென்டிகேட்டர் ஆப்பை அக்கா போனிலும் அவங்க கணவர் போனிலும், ஒரே கியூஆரை ஸ்கேன் பண்ணிப் போட்டோம். பேக்கப் கோட்களை பிரின்ட் எடுத்து பீரோவில் வைத்தாச்சு.

டொமைன் ஏற்கெனவே டெவலப்பர் அக்கவுன்ட்டில் இருந்தால் என்ன பண்றது? அதே ரெஜிஸ்ட்ராரில் அக்காவுக்கு ஒரு அக்கவுன்ட் திறந்து, உள்ளுக்குள்ளேயே மாற்றிவிடுவதுதான் சுலபம். வேறு ரெஜிஸ்ட்ராருக்குக் கொண்டுபோகணும்னா டிரான்ஸ்ஃபர் கோட் வேணும், சில நாள் பிடிக்கும். புதுசா வாங்கிய டாட் காமை முதல் 60 நாள் வெளியே மாற்ற முடியாது. இன்னொன்று, லாகின் கைமாறினால் மட்டும் போதாது. பதிவில் உரிமையாளர் என்ற இடத்தில் யார் பெயர், யார் மெயில் இருக்குன்னு பார்த்து அதையும் மாற்றணும். நாளைக்கு தகராறுன்னு வந்தால் முதலில் பார்க்கப்படுவது அந்தப் பெயர்தான்.

பேமென்ட் கேட்வேயை முதல் நாளே கிளையன்ட்தான் திறக்கணும். அவங்க பான், அவங்க பேங்க் அக்கவுன்ட். டெவலப்பர் அக்கவுன்ட்டில் வாங்கி அப்புறம் ஜிபேயில் அனுப்பிக்கலாம் என்ற யோசனையே வேண்டாம். அது உங்க வருமானமாகத்தான் கணக்கில் தெரியும்.

நாங்கள் இல்லாத நாள்

எல்லாம் கொடுத்தாச்சுன்னு நினைக்கிறது வேற, கொடுத்தாச்சான்னு சோதிக்கிறது வேற. நாங்கள் ஒரு செவ்வாய்க்கிழமை குறித்தோம். அன்றைக்கு எங்க லாகின் எதையும் தொட மாட்டோம். அக்கா தன் போனில், தன் லேப்டாப்பில், எங்களைக் கேட்காமல் ஐந்து வேலை செய்யணும். டொமைன் காலாவதி தேதியைக் கண்டுபிடிக்கணும். அட்மின் பாஸ்வேர்டை ரீசெட் பண்ணணும். நேற்றைய பேக்கப்பை டவுன்லோட் பண்ணணும். ஒரு டெஸ்ட் ஆர்டர் போட்டு, அந்த மெயில் தனக்கு வந்ததான்னு பார்க்கணும். அதே ஆர்டருக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பணும்.

இந்தச் சோதனையில் வழக்கமாக வெளியே வருவது இரண்டு. ஒன்று, பேக்கப். தினமும் ஒழுங்காக ஓடும், ஆனால் போய்ச் சேர்வது டெவலப்பரின் கூகுள் டிரைவ். இரண்டு, புது ஆர்டர் மெயில். வூகாமர்ஸில் அந்த மெயில் யாருக்குப் போகணும்னு தனியாக ஒரு இடம் இருக்கு. நீங்க எதுவும் மாற்றாவிட்டால், சைட்டை நிறுவியபோது கொடுத்த அட்மின் மெயிலுக்குத்தான் போகும். பெரும்பாலும் அது டெவலப்பருடையது. கிளையன்ட் ஆர்டரே வரலைன்னு உட்கார்ந்திருப்பார், இங்கே இன்பாக்ஸில் ஆர்டர் குவிந்துகொண்டிருக்கும்.

ஐந்தும் தேறிய பிறகுதான் எங்க அக்கவுன்ட்டை நீக்கினோம். வரிசை முக்கியம். முதலில் அட்மின்கள் யார் யார்னு பார்க்கணும், அப்புறம் நீக்கணும்:

```
wp user list --role=administrator
wp user delete 2 --reassign=1
```

இரண்டாவது வரியில் 2 என்பது எங்க யூசர் எண், 1 என்பது அக்காவுடையது. அந்த `--reassign` இல்லாமல் நீக்கினால், அந்த யூசர் பெயரில் உருவான பக்கங்களும் சேர்ந்து போய்விடும். டேஷ்போர்டில் நீக்கினாலும் இதே கேள்வி வரும். அங்கே "Attribute all content to" என்பதைத் தேர்ந்தெடுக்கணும். கட்டியவர் பெயரில்தான் முகப்புப் பக்கமே இருக்கும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

கூகுள் சர்ச் கன்சோலிலும் இப்படி ஒரு வால் உண்டு. உரிமையாளர் பட்டியலிலிருந்து டெவலப்பரை நீக்கினால் மட்டும் போதாது. அவர் சரிபார்ப்புக்காக டிஎன்எஸ்ஸில் போட்ட டெக்ஸ்ட் ரெக்கார்டு அங்கேயே இருந்தால், அதை வைத்து மறுபடி உள்ளே வரலாம். அதனால் முதலில் அக்கா பெயரில் புதுசா சரிபார்த்து, அப்புறம் பழைய ரெக்கார்டை எடுத்தோம். கடைசியாக பேமென்ட் கேட்வேயில் புது ஏபிஐ சாவி உருவாக்கி, அதை சைட்டில் போட்டு, நிஜக் காசில் ஒரு சின்ன ஆர்டர் போட்டுப் பார்த்தோம். பழைய சாவி எங்க லேப்டாப்பில் எங்கேயோ கிடந்தாலும் இனி அது செல்லாது.

ஐந்து பக்கம் போதும்

டாக்குமென்டேஷன்னு சொன்னால் 60 பக்கத்துக்கு ஸ்கிரீன்ஷாட் ஒட்டி பிடிஎஃப் அனுப்புவாங்க. யாரும் திறப்பதில்லை. நாங்கள் கொடுத்தது ஐந்து பக்கம். முதல் பக்கம், கடை நின்றால் என்ன செய்வது. அதில் எழுதியது இவ்வளவுதான்:

சைட்டும் திறக்கலை, மெயிலும் வரலைன்னா சந்தேகப்பட வேண்டியது டொமைன். முதலில் காலாவதி தேதியைப் பாருங்க. சைட் திறக்கலை, மெயில் மட்டும் வருதுன்னா ஹோஸ்டிங். அவங்க சப்போர்ட்டுக்கு டிக்கெட் போடுங்க. சைட் திறக்குது, பணம் கட்டும்போது மட்டும் தடுமாறுதுன்னா கேட்வே அல்லது அதன் பிளகின். எங்களைக் கூப்பிடுங்க.

மெயிலும் சைட்டும் வேறு வேறு கம்பெனியில் இருப்பதால்தான் இந்தப் பிரிப்பு வேலை செய்யுது. இரண்டும் ஒரே சர்வரில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே விழும், அப்போது குறிப்பை வேறு மாதிரி எழுதணும். டெம்ப்ளேட் காப்பி அடிக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது பக்கம் ரினிவல் தேதிகள்: எது, எப்போது, எவ்வளவு, யார் கார்டு. மூன்றாவது, ஏழு அக்கவுன்ட் பட்டியல். பாஸ்வேர்ட் எதுவும் பேப்பரில் இல்லை, அது பாஸ்வேர்ட் மேனேஜரில். நான்காவது, அன்றாட வேலைகள். ஐந்தாவது பக்கத்தை நான் ரொம்ப முக்கியமா நினைக்கிறேன், அதில் 'ஏன் இப்படி' என்ற குறிப்புகள் இருக்கு. உதாரணமாக, கூரியர் கட்டணத்தை எடையை வைத்துக் கணக்குப் போட ஒரு சின்ன பிளகின் இருக்கு. பார்க்க உபயோகமில்லாத மாதிரி தெரியும். நாளைக்கு வேறு டெவலப்பர் வந்து சுத்தம் பண்றேன்னு அதை எடுத்துவிட்டால், 5 கிலோ பார்சலுக்கும் அரைக் கிலோ கட்டணமே வரும். சைட் உடையாது, எரர் வராது, நஷ்டம் மட்டும் மாதக் கணக்கில் தெரியும். இப்படிப்பட்டதைக் கோடைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, எழுதித்தான் வைக்கணும்.

பயிற்சி: மவுஸ் அவங்க கையில்

பயிற்சியை 45 நிமிடமாக இரண்டு முறை வைத்தோம், நடுவில் ஒரு வாரம் இடைவெளி. முதல் முறை செய்து காட்டுவது, இரண்டாவது முறை அந்த வாரத்தில் முட்டிக்கொண்ட இடங்கள். இரண்டு முறையும் மவுஸ் அவங்க கையில்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாயால் மட்டும் சொன்னேன்.

அதற்கு முன்னால் யாருக்கு எவ்வளவு அதிகாரம்னு பிரித்தோம். தம்பிக்கு `Shop manager` என்ற ரோல். ஆர்டர், ஸ்டாக், விலை எல்லாம் பார்க்கலாம், பிளகினைத் தொட முடியாது. அக்காவுக்கும் தினசரி வேலைக்கு அதே ரோல்தான். அட்மினிஸ்ட்ரேட்டர் லாகின் தனியாக ஒன்று, எப்போதாவது எடுப்பதற்கு. "என் கடைக்கு நானே மேனேஜரா தம்பி?"ன்னு அக்கா சிரிச்சாங்க. முதலாளி தினமும் கல்லாப்பெட்டியின் மாஸ்டர் சாவியைக் கையில் ஆட்டிக்கொண்டு திரிய வேண்டாம் இல்லையா, அதுதான் கணக்கு.

இரண்டாவது வகுப்பில் அக்கா கேட்டது இது: "தம்பி, ரீஃபண்ட் போட்டாச்சுன்னு காட்டுது. கஸ்டமர் பணம் வரலைன்னு போன் போட்டுக்கிட்டே இருக்காங்க." வூகாமர்ஸில் ரீஃபண்ட் அழுத்தினால் இரண்டு பட்டன் வரும். ஒன்று கேட்வே வழியாகத் திருப்பி அனுப்புவது. இன்னொன்றில் `manually` என்று இருக்கும். அது கணக்கில் எழுதிக்கொள்வது மட்டும், பணம் எங்கேயும் போகாது, நீங்களே தனியாக அனுப்பணும். இரண்டுக்குமே ஆர்டரில் ரீஃபண்ட் ஆச்சுன்னுதான் தெரியும். இப்போது தம்பியின் மேசையில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கு: "ரீஃபண்ட் போட்டதும் கேட்வே டேஷ்போர்டிலும் பார்." இடைவெளி விட்டு இரண்டாவது வகுப்பு வைத்ததால் வந்த கேள்வி இது. முதல் நாள் எல்லாருக்கும் எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும்.

ஏ.எம்.சி: மூன்றாவது வகை வேலை

ஏசிக்கும் ஆர்ஓ மெஷினுக்கும் ஏ.எம்.சி போடுறோம். சைட்டுக்குன்னு சொன்னால் "அதான் கட்டி முடிச்சாச்சே, இன்னும் எதுக்குக் காசு?"ன்னு கேட்பாங்க. நியாயமான கேள்விதான். பதில் சொல்ல, வேலைகளை மூன்றாகப் பிரித்துக் காட்டணும்.

கூப்பன் போட்டால் விலை தப்பா வருது. இது பிழை, நாங்கள் கட்டியதில் கோளாறு. லான்ச்சிலிருந்து 30 நாள் வரை இலவசமாகச் சரிசெய்வோம். ஒரே ஆர்டரில் இரண்டு கூப்பன் சேர்த்துப் போடணும். இது மாற்றம், முதலில் ஒப்புக்கொண்ட பட்டியலில் இல்லை, தனி விலை. மூன்றாவது வகைதான் சண்டை வரும் இடம்: நேற்று வரை நன்றாக ஓடிய பேமென்ட், பிளகின் அப்டேட்டுக்குப் பிறகு நின்றுபோச்சு. நாங்களும் ஒன்றும் செய்யலை, அக்காவும் ஒன்றும் செய்யலை, வெளியே உலகம் நகர்ந்துவிட்டது. இதைப் பார்த்துக்கொள்ளத்தான் ஏ.எம்.சி.

எங்க ஒப்பந்தம் இரண்டு பக்கம். மாதம் ஒருமுறை, சைட்டின் நகலில் முதலில் அப்டேட் போட்டு, ஒரு டெஸ்ட் ஆர்டர் கடைசி வரை போகுதான்னு பார்த்து, அப்புறம்தான் நிஜ சைட்டில் போடுவோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேக்கப்பை எடுத்து வேறு இடத்தில் திறந்து பார்ப்போம். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது. மாதம் 2 மணி நேரம் சின்னச் சின்ன வேலை. டொமைன், ஹோஸ்டிங், பிளகின் கட்டணம் இதில் சேராது, அது அக்கா கார்டிலிருந்து நேராகப் போகும்.

நேரத்தைப் பற்றி எழுதும்போது ஒரு எச்சரிக்கை. பதில் சொல்லும் நேரம் வேற, சரிசெய்யும் நேரம் வேற. செக்அவுட் நின்றால் வேலை நேரத்தில் 4 மணி நேரத்துக்குள் ஆரம்பிப்போம்னு எழுதலாம். 4 மணி நேரத்தில் சரியாகிவிடும்னு எழுதக் கூடாது. கோளாறு ஹோஸ்டிங் கம்பெனியிடம் இருந்தால் உங்களால் அதை நிறைவேற்ற முடியாது.

இன்னும் இரண்டு வரி கட்டாயம் வேணும். ஒன்று, பிரியும் வழி: இரு தரப்பும் 30 நாள் முன்னறிவிப்பு கொடுத்து விலகலாம், விலகும் நாளில் அந்த 'நாங்கள் இல்லாத நாள்' சோதனையை மறுபடி நடத்துவோம். இரண்டு, கோடின் உரிமை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலும் அடக்கம். ஊழியர் எழுதினால் பொதுவாக நிறுவனத்துக்குச் சொந்தம். ஆனால் ஃப்ரீலான்ஸர் எழுதினால், எழுத்தில் மாற்றிக் கொடுக்காத வரை முதல் உரிமை அவருக்குத்தான். மாற்றிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான்னு சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் "கோடும் உங்களுதுதான்"னு வாயால் சொல்வது போதாது. காலமும் இடமும் போட்டு, எழுதிக் கையெழுத்துப் போடணும்.

நேயர் கேள்வி

ஒரு நேயர் கேட்டிருக்கார்: "எல்லா அக்கவுன்ட்டையும் முதலிலேயே கொடுத்துட்டா, கடைசித் தவணை வராமப் போனா நான் என்ன பண்றது ப்ரோ?"

இந்தப் பயம் நியாயமானது. நிறைய பேர் டொமைனைக் கையில் வைத்திருப்பதே அதற்காகத்தான். ஆனால் டொமைன் கடையின் பெயர், நீங்க செய்த வேலை இல்லை. அதைப் பிடித்து வைத்தால் நிற்பது உங்க டிசைன் மட்டும் இல்லை, அவங்க மெயிலும் வியாபாரமும்கூட. பிடித்து வைக்கணும்னா உங்க வேலையைப் பிடித்து வைங்க. நாங்கள் செய்வது இது: தொடங்கும்போது 40 சதவீதம். டிசைன் ஒப்புதலில் 30. சைட் முழுசா முடிந்து, எங்க சர்வரில் ஓடுவதை அவங்க ஆர்டர் போட்டுப் பார்த்ததும் 25. அது வந்த பிறகுதான் அவங்க ஹோஸ்டிங்குக்கு மாற்றி லைவ் பண்ணுவோம். மிச்சம் 5 சதவீதம், அந்தச் செவ்வாய்க்கிழமைச் சோதனை தேறிய அன்றைக்கு. அது வராமல் போனாலும் தாங்கக்கூடிய தொகை. கிளையன்ட்டுக்கும், ஹேண்ட்ஓவர் ஒழுங்காக நடக்கும்னு ஒரு பிடி கிடைக்குது.

நீங்க கடை வைத்திருப்பவர்னா, இதைக் கேட்டு முடித்ததும் ஒரே ஒரு வேலை: உங்க டொமைன் அக்கவுன்ட்டில் நீங்களே லாகின் பண்ணி, காலாவதி தேதியைப் பாருங்க. உள்ளே போக முடியலைன்னா, கட்டிக்கொடுத்தவரிடம் பேச இன்னும் நல்ல உறவு இருக்கும்போதே பேசிடுங்க.